மேனேஜர் ஒரே நிமிடத்தில் படித்து முடிக்கிற வார ரிப்போர்ட் மெயில்: எழுதும் முறை

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஃபேக்டரி மேனேஜர் உட்கார்ந்து மெயில் படிப்பதில்லை. பழ லாரி இறங்கும் இடத்தில் நின்றபடி ஃபோனில் பார்ப்பார். டெஸ்பாட்ச் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் அவருக்கு வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம்.

எழுதும் முன் ஒரே ஒரு கேள்வி: இதைப் படித்ததும் சார் என்ன செய்ய வேண்டும்?

ஜூன் 24 அன்று 5 கன்டெய்னர் சென்னைத் துறைமுகம் போக வேண்டும். ஒன்றுக்கு 80 வீதம் 400 டிரம். பாய்லர் பழுதாகி ஒரு நாள் போனதால் நிரம்பியது 330 தான். நிரப்பிய டிரம்மை லேப் சோதனைக்காகச் சில நாள் நிறுத்தி வைப்பார்கள். அதனால் மீதி 70-ஐ இந்த ஞாயிறே நிரப்பியாக வேண்டும். அதற்கு ஓவர்டைம் அனுமதி வேண்டும். சார் செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

அப்புறம் தலைப்பு. ஃபோனில் அதன் முதல் சில சொற்கள்தான் தெரியும். ‘வார ரிப்போர்ட்’ என்று தொடங்கினால் அந்த இடம் வீண். கேட்பதை முன்னால் வையுங்கள், தேதி பின்னால் வரட்டும்.

> தலைப்பு: ஞாயிறு ஷிஃப்ட் அனுமதி தேவை, சனி 11 மணிக்குள் – வார ரிப்போர்ட், ஜூன் 12
>
> சார், வணக்கம்.
>
> ஞாயிறு ஒரு ஷிஃப்ட் ஓட்ட, சனி காலை 11 மணிக்குள் உங்கள் அனுமதி வேண்டும். இல்லையென்றால் 24-ஆம் தேதி லோடில் ஒரு கன்டெய்னர் நின்றுவிடும்.
>
> டிரம்: தேவை 400, நிரப்பியது 330, குறைவு 70.
>
> காரணம்: பாய்லர் பழுது. செவ்வாய் முழுதும் ஓடவில்லை, புதன் காலை சரியாகிவிட்டது.
>
> மற்ற 4 கன்டெய்னருக்குச் சிக்கல் இல்லை.
>
> தினசரிக் கணக்கு எக்செலில் இணைத்துள்ளேன்.

எண்கள் வரும் வரியைக் கவனியுங்கள். ‘330 டிரம் நிரப்பினோம்’ என்று மட்டும் எழுதினால் அது நல்லதா கெட்டதா என்று தெரியாது. தேவையும் குறைவும் பக்கத்திலேயே இருந்தால் சார் மனக்கணக்குப் போட வேண்டியதில்லை. ‘வேலை நடந்துகொண்டிருக்கிறது’ என்ற வரியைக் கண்டால் எடுத்துவிடுங்கள், அதில் செய்தியே இல்லை. எக்செலைத் திறக்காமலே விஷயம் புரிய வேண்டும், அது சந்தேகம் வந்தால் பார்ப்பதற்குத்தான். பாய்லரை யார் பிரித்தார், என்ன பாகம் மாற்றினார் என்பதெல்லாம் நேரில் கேட்டால் சொல்லலாம்.

அனுப்பும் முன் உங்களுக்கே ஒரு முறை அனுப்பி ஃபோனில் திறந்து பாருங்கள். கேட்டது என்ன, எப்போதைக்குள் என்பது விரலால் தள்ளாமலே தெரிந்தால் சரி. அனுப்பிய பிறகு சார் கூப்பிட்டு, “அப்போ லோடு போகுமா, போகாதா?” என்று கேட்டால், முதல் வரியில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. அடுத்த வாரம் அதைச் சரிசெய்யுங்கள்.

வரிகளின் வரிசையை மட்டும் வாராவாரம் மாற்ற வேண்டாம். எந்த இடத்தில் எண் இருக்கும் என்பது சாருக்குப் பழகிவிடும். கேட்க எதுவும் இல்லாத வாரத்தில் அதையே தலைப்பில் சொல்லிவிடுங்கள்: ‘லோடு தேதிப்படி போகும், அனுமதி எதுவும் தேவையில்லை – வார ரிப்போர்ட், ஜூன் 19’.