வருட இறுதி விற்பனை பற்றி ஆடிட்டர் எழுத்தில் கேட்டால் எப்படிப் பதில் எழுதுவது?

அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் புதிதாக வந்தவர்களிடம் ஆடிட்டரின் கேள்வி வந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். பயந்துபோய் கேட்டது, கேட்காதது எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள், இல்லையென்றால் "வழக்கமான நடைமுறைப்படியே பதிவு செய்யப்பட்டுள்ளது" என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். இரண்டாவது பதிலுக்கு மறுநாளே இன்னும் மூன்று கேள்வி வரும். ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்கு முழுப் பதில் எப்படி எழுதுவது என்று பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்காக நான் வைத்தவை.

கணக்கு ஆண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. கேள்வி இது:

"இன்வாய்ஸ் 412, டிசம்பர் 29, தொகை 18 லட்சம். வாடிக்கையாளர் சரக்கைப் பெற்றது ஜனவரி 3. இந்த ஆண்டு விற்பனையில் சேர்த்ததற்கான காரணத்தையும் ஆதாரத்தையும் தரவும். இதேபோல் வேறு இன்வாய்ஸ்கள் உள்ளனவா?"

படி 1: கேள்வியைப் பிரியுங்கள்

இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன: காரணம் என்ன, ஆதாரம் என்ன, இதேபோல் வேறு இருக்கிறதா. புதியவர்கள் முதல் இரண்டுக்குப் பதில் எழுதிவிட்டு மூன்றாவதைக் கவனிக்காமல் விடுவார்கள், ஆனால் ஆடிட்டருக்கு அதிகம் வேண்டியது மூன்றாவதுதான். அவர் பார்த்தது ஒரு சாம்பிள், அவருடைய கவலையோ வருடக் கடைசி விற்பனை முழுவதும் சரியான ஆண்டில் விழுந்திருக்கிறதா என்பது. பதிலில் 1, 2, 3 என்று அவர் கேட்ட வரிசையிலேயே எண் போடுங்கள்.

படி 2: எழுதும் முன் காகிதங்களை எடுங்கள்

விற்பனைப் பிரிவிடம் போன் போட்டு "அது நம்ம விற்பனைதானே?" என்று கேட்டால் "ஆமாம்" என்றுதான் வரும். அதை வைத்து எழுத முடியாது. பர்ச்சேஸ் ஆர்டரைப் பிரித்து டெலிவரி நிபந்தனையைப் படியுங்கள். நம் உதாரணத்தில் 412க்கு எஃப்.சி.ஏ. நிபந்தனை. அதாவது வாடிக்கையாளர் நியமித்த டிரான்ஸ்போர்ட்டரிடம் சரக்கை ஒப்படைத்ததும் டெலிவரி முடிந்தது, வழியில் சரக்குக்கு ஏதாவது ஆனால் நஷ்டம் வாங்கியவருக்கு. டிரான்ஸ்போர்ட்டர் கையெழுத்திட்ட ரசீதில் டிசம்பர் 29 என்று இருக்கிறது, கேட் பாஸிலும் அதே தேதி. சரி, நல்ல ஆதாரம்.

இதோடு நிறுத்தாதீர்கள். வருவாய்க்கான சர்வதேசக் கணக்கியல் தரநிலையான ஐ.எஃப்.ஆர்.எஸ். 15 கேட்பது சரக்கின் கட்டுப்பாடு எப்போது வாடிக்கையாளர் கைக்குப் போனது என்பதை. நஷ்டப் பொறுப்பு மாறியது அதற்கு ஒரு அடையாளம் மட்டுமே. பணம் கேட்கும் உரிமை, சட்டப்படியான உரிமை, கையில் வைத்திருப்பது, வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டது ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. எஃப்.சி.ஏ. போன்ற நிபந்தனை சட்டப்படியான உரிமை எப்போது மாறும் என்று சொல்வதில்லை, அதை ஒப்பந்தத்தில்தான் தேட வேண்டும். இங்கே ஒப்பந்தத்தில் ஒப்படைக்கும்போதே உரிமை மாறும் என்று இருக்கிறது, கூடவே "அளவு சரியில்லை என்றால் 7 நாளில் நிராகரிக்கலாம்" என்று ஒரு வரியும் இருக்கிறது. ஆடிட்டர் இதை எப்படியும் படிப்பார், அதனால் நீங்களே முதலில் பேசிவிடுவது நல்லது. அனுப்பும் முன் அந்த அளவுகளை நீங்கள் சோதித்த அறிக்கை இருந்தால், ஏற்பு வெறும் சம்பிரதாயம் என்று வாதிட இடம் உண்டு.

ஒரு காகிதம் கிடைக்கவில்லையா? கிடைக்கவில்லை என்று எழுதுங்கள். வாடிக்கையாளரிடம் இப்போது ஒரு உறுதிக் கடிதம் வாங்கினால் அதில் இன்றைய தேதிதான் இருக்க வேண்டும். பழைய தேதி போட்டு எதையாவது தயாரித்தால் அது அதற்குப் பிறகு விற்பனைக் கேள்வியாக இருக்காது, மோசடிக் கேள்வியாகிவிடும்.

படி 3: மற்ற இன்வாய்ஸ்களைத் தேடுங்கள்

டிசம்பர் 20 முதல் 31 வரை அனுப்பிய எல்லாவற்றையும் டெலிவரி நிபந்தனையோடு ஒரு ஷீட்டில் போடுங்கள். நம் உதாரணத்தில் 37 இன்வாய்ஸ்கள், அதில் ஒன்று இடிக்கிறது: இன்வாய்ஸ் 415, தொகை 6 லட்சம், நிபந்தனை டி.ஏ.பி. வாடிக்கையாளர் இடத்துக்குப் போய்ச் சேரும்வரை பொறுப்பு நம்முடையது, சேர்ந்ததோ ஜனவரி 2. இது அடுத்த ஆண்டு விற்பனை.

இதை மறைத்தால் 412க்கு நீங்கள் சொல்லும் நியாயமும் சேர்ந்து அடிபடும், ஏனென்றால் "நிபந்தனையைப் பார்த்துத்தான் பதிவு செய்கிறோம்" என்ற வாதமே 415இல் உடைகிறது. அடக்கம் 4.2 லட்சம் என்றால் திருத்தம் இப்படி வரும்: விற்பனையும் வரவேண்டிய தொகையும் 6 லட்சம் குறையும், விற்ற சரக்கின் அடக்கம் 4.2 லட்சம் குறைந்து அதே தொகை வழியில் உள்ள சரக்காக இருப்பில் ஏறும், வரிக்கு முந்தைய லாபம் 1.8 லட்சம் குறையும். இருப்பை மறந்துவிடுவதுதான் இங்கே வழக்கமான தவறு. லாபம் 6 லட்சம் குறைகிறது என்று எழுதியிருந்தால் யாரோ அடக்கத்தைத் தொடவில்லை என்று அர்த்தம்.

படி 4: பதிலை எழுதுங்கள்

"1. இன்வாய்ஸ் 412இன் சரக்கு டிசம்பர் 29 அன்று வாடிக்கையாளர் நியமித்த டிரான்ஸ்போர்ட்டரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒப்பந்தப்படி பொறுப்பும் உரிமையும் அப்போது மாறின. நிராகரிக்கும் உரிமை ஒப்பந்தத்தில் உள்ள அளவுகளுக்கு மட்டுமே, அவை அனுப்பும் முன் சோதிக்கப்பட்டன. எனவே கட்டுப்பாடு டிசம்பர் 29 அன்று மாறியது என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு.
2. பர்ச்சேஸ் ஆர்டர், ஒப்பந்தம், டிரான்ஸ்போர்ட்டர் ரசீது, கேட் பாஸ், சோதனை அறிக்கை இணைக்கப்பட்டுள்ளன.
3. டிசம்பர் 20 முதல் 31 வரையிலான 37 இன்வாய்ஸ்களைப் பார்த்தோம். இன்வாய்ஸ் 415 தவறாக இந்த ஆண்டில் பதிவாகியுள்ளது, திருத்தப் பதிவு இணைப்பில் உள்ளது. டிசம்பர் 20க்கு முந்தையவற்றையும் ஜனவரியில் வந்த ரிட்டர்ன்களையும் இந்தத் தேடலில் பார்க்கவில்லை."

நடந்தது நடந்ததாகவும், நம் கருத்து "நிலைப்பாடு" என்ற பெயரோடும், பார்க்காதது பார்க்கவில்லை என்றும் இருக்கிறது. "எங்களுக்குத் தெரிந்தவரை", "பொதுவாக", "எல்லாமே சரியாக உள்ளன" போன்றவை இல்லை. "எல்லா இன்வாய்ஸ்களும்" என்று எழுதிவிட்டு 37 மட்டும் பார்த்திருந்தால் அது தவறான தகவல், நீங்கள் எழுதும் எண்ணத்தில் அப்படி இல்லாவிட்டாலும். அப்புறம், குரலில் எரிச்சல் வேண்டாம். "முன்பே தெரிவித்தபடி" என்று ஆரம்பிக்கும் பதில்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

படி 5: அனுப்பும் முன்னும் பின்னும்

கணக்கியல் நிலைப்பாடு உள்ள பதிலை நிதித் தலைவர் படித்து ஒப்புக்கொள்ளாமல் அனுப்பாதீர்கள். ஆடிட் முடிவில் நிர்வாகம் தரும் எழுத்து உறுதிமொழியும் இந்தப் பதிலும் முரண்படக் கூடாது. அந்த உறுதிமொழி மட்டும் தனியாக ஆடிட்டருக்குப் போதுமான ஆதாரம் ஆகாது என்று சர்வதேச ஆடிட் தரநிலையான ஐ.எஸ்.ஏ. 580 சொல்கிறது, இணைப்புகளை நான் இவ்வளவு வலியுறுத்துவது அதனால்தான்.

412இல் ஆடிட்டர் உடன்படவில்லை என்றால்? எந்த நிபந்தனையை அவர் வேறுமாதிரி படிக்கிறார் என்று எழுத்தில் கேளுங்கள். ஏற்பு வரியில்தான் சிக்கல் என்றால் சோதனை அறிக்கையைப் பற்றிப் பேசலாம், உரிமை மாறும் நேரம் என்றால் சட்ட ஆலோசகரின் கருத்து தேவைப்படலாம். அப்போதும் ஒத்துவராவிட்டால் அவர் அதைத் திருத்தப்படாத தவறுகளின் பட்டியலில் சேர்ப்பார், மொத்தத்தில் அது கணக்கைப் பாதிக்கிறதா என்று பார்ப்பார். உங்கள் பதிலின் நகலையும் இணைப்புகளையும் கேள்வி எண்ணோடு ஒரே ஃபோல்டரில் வையுங்கள், அடுத்த ஆண்டு அதே வாடிக்கையாளரின் இன்வாய்ஸ் சாம்பிளில் வந்தால் அங்கிருந்து தொடங்கலாம்.