பள்ளியில் சீண்டல் தடுப்புக் குழு: யாரைச் சேர்ப்பது, பருவந்தோறும் எதைப் பார்ப்பது

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இந்தக் குழு பஞ்சாயத்து அல்ல. அன்றாடம் வரும் புகாரை வகுப்பாசிரியரும் ஆலோசகரும் அன்றன்றே கவனிக்க வேண்டும். அப்படி வந்தவற்றைப் பருவத்துக்கு ஒருமுறை மொத்தமாக வைத்துப் பார்த்து, பள்ளியின் எந்த ஏற்பாடு சீண்டலுக்கு இடம் கொடுக்கிறது என்று கண்டுபிடிப்பதே குழுவின் வேலை. அடிதடிக் காயம், பாலியல் சீண்டல் போன்றவை குழுக் கூட்டத்துக்காகக் காத்திருக்கவே கூடாது. தலைமையாசிரியர் அன்றே சட்டப்படி தெரிவிக்க வேண்டியவர்களுக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

படி 1: ஆட்களைச் சேருங்கள்

எட்டு முதல் பத்துப் பேர் போதும். முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர், பெரும்பாலும் துணைத் தலைமையாசிரியர், தலைவராக இருக்கட்டும். கால அட்டவணையையும் மேற்பார்வைப் பணியையும் மாற்ற முடியாதவர் தலைவரானால் குழுவின் முடிவுகள் தாளோடு நின்றுவிடும். ஆலோசகர் ஒருவர், கீழ் வகுப்புக்கும் மேல் வகுப்புக்கும் தலா ஓர் ஆசிரியர், பெற்றோர் இருவர், மாணவர் இருவர் அல்லது மூவர்.

பலரும் விட்டுவிடும் இடம் ஆசிரியரல்லாத பணியாளருடையது. பேருந்து உதவியாளர், துப்புரவுப் பணியாளர், காவலாளி ஆகியோரில் ஒருவர் கட்டாயம் வேண்டும். சீண்டல் பெரும்பாலும் ஆசிரியர் கண்ணில் படாத இடத்தில் நடக்கிறது. அங்கே நிற்பவர்கள் இவர்கள்தான்.

மாணவர்களும் பெற்றோரும் இருக்கும் கூட்டத்தில் எந்தக் குழந்தையின் பெயரும் வரக் கூடாது. பெயர் உள்ள பதிவேடு ஆலோசகரிடமே இருக்கட்டும். மற்றவர்களுக்கு எண்ணிட்ட சுருக்கம் போதும்.

படி 2: பதிவேட்டைச் சரியாக எழுதுங்கள்

‘மாணவனைக் கேலி செய்தார்கள்’ என்று எழுதினால் பருவ இறுதியில் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நாள், மணி, இடம், இரு தரப்பின் வகுப்பு, என்ன நடந்தது, இதற்கு முன் நடந்ததா, அப்போது பொறுப்பில் இருந்தவர் யார், என்ன செய்தோம் என்பவை வேண்டும். ‘முன்பு நடந்ததா’ என்ற கேள்வி முக்கியமானது. சம பலமுள்ள இருவரின் ஒருநாள் சண்டை வேறு. பலம் குறைந்தவரைத் திரும்பத் திரும்ப நோகடிப்பது வேறு. இரண்டாவதில், இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துக் கைகுலுக்கச் சொல்வது பாதிக்கப்பட்ட குழந்தையை மேலும் பயமுறுத்தும். தனித்தனியாகப் பேசுங்கள். இரண்டு வாரம் கழித்தும் ஆறு வாரம் கழித்தும் அந்தக் குழந்தையிடம் ‘நின்றுவிட்டதா’ என்று கேட்டு, பதிலையும் எழுதுங்கள்.

படி 3: பருவக் கூட்டத்தில் வரைபடத்தை விரியுங்கள்

பள்ளியின் வரைபடத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு புள்ளி வையுங்கள். பக்கத்தில் மணியை எழுதுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. பருவத்தில் 11 பதிவுகள். அவற்றில் ஐந்து, குடிநீர்க் குழாயருகே, 12.40க்கும் 12.50க்கும் இடையே, பாதிக்கப்பட்டவர்கள் எல்லாரும் ஆறாம் வகுப்பு. சீண்டியவர்கள் மூன்று வெவ்வேறு மாணவர்கள். ஆகவே ஒருவரைத் தண்டித்தால் தீராது. மேற்பார்வைப் பட்டியலைப் பார்த்தால் காரணம் தெரிகிறது: மணி அடிப்பது 12.40க்கு, குழாயடிப் பொறுப்பாசிரியரோ மாடியில் பாடம் முடித்து, குறிப்பேடுகளை வைத்துவிட்டு வந்து சேர்வது 12.50க்கு. நான்காம் பிரிவேளையில் பாடமில்லாத ஒருவரை அந்தப் பொறுப்புக்கு மாற்றினால் இடைவெளி அடைபடும். அடுத்த பருவம் புள்ளிகள் குறைந்தனவா, அல்லது பேருந்து வரிசைக்கு இடம்பெயர்ந்தனவா என்று பார்க்க வேண்டும்.

படி 4: பதிவேட்டைப் பெயரில்லாத் தாளோடு ஒப்பிடுங்கள்

புகார் குறைந்தால் சீண்டல் குறைந்தது என்று பொருளல்ல. பருவ முடிவில் பெயர் எழுதாத தாளில் நான்கு கேள்விகள் கேளுங்கள்: கடந்த இரண்டு மாதத்தில் எத்தனை முறை நடந்தது, எங்கே, யாரிடமாவது சொன்னாயா, சொன்ன பிறகு நின்றதா. எல்லாரும் ஒரே நேரத்தில், இடைவெளி விட்டு உட்கார்ந்து எழுதட்டும். வகுப்பாசிரியர் மேசை மேசையாக நடந்தால் பதில்கள் பொய்யாகும்.

180 பேரில் 25 பேர் ‘மாதம் இரண்டு மூன்று முறை’ என்று எழுதி, பதிவேட்டில் நான்கே பதிவுகள் இருந்தால், குழந்தைகள் சொல்லும் வழி அடைபட்டிருக்கிறது. மூன்றாம், நான்காம் கேள்விகளின் பதில்கள் எங்கே அடைப்பு என்று காட்டும். சொல்லாதவர்கள் அதிகமென்றால், யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை அல்லது பயம். சொல்லியும் நிற்கவில்லை என்றால், கோளாறு நம் நடவடிக்கையில்.

படி 5: மூன்று முடிவுகளுக்கு மேல் எடுக்காதீர்கள்

ஒவ்வொன்றுக்கும் செய்பவர் பெயரும் முடிக்க வேண்டிய நாளும் எழுதுங்கள். ‘விழிப்புணர்வு ஏற்படுத்தப்படும்’ என்பது முடிவல்ல, ஏனென்றால் அது நடந்ததா என்று யாராலும் சரிபார்க்க முடியாது. ‘குழாயடிப் பொறுப்பு திங்கள் முதல் மாற்றம், செய்பவர் துணைத் தலைமையாசிரியர்’ என்பது முடிவு. அடுத்த கூட்டத்தின் முதல் பத்து நிமிடம் இந்தப் பட்டியலுக்கே போகட்டும்.