ஒரே 12 சதவீதம், வெவ்வேறு வட்டி

மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ இருசக்கர வாகனக் கடன் வாங்கப் போகிறவர்கள், சொல்லப்படும் வட்டி விகிதத்தை மட்டும் நம்பாமல், மாதத் தவணையை மாதங்களின் எண்ணிக்கையால் பெருக்கி, அதிலிருந்து கடன் தொகையைக் கழித்துப் பாருங்கள். எஞ்சுவதே நீங்கள் கட்டும் வட்டி. 1 லட்சம் ரூபாயை 12 சதவீதத்தில் 12 மாதங்களில் அடைத்தால், பிளாட் வட்டியில் தவணை 9,333 ரூபாய், மொத்த வட்டி 12,000 ரூபாய். மீதமுள்ள பாக்கிக்கு மட்டும் மாதாமாதம் வட்டி போடும் குறையும் நிலுவை முறையிலோ தவணை 8,885 ரூபாய், வட்டி ஏறத்தாழ 6,620 ரூபாய்தான். பிளாட் முறையில், பாக்கி பத்தாயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்ட கடைசி மாதத்திலும் முழு 1 லட்சத்துக்கே வட்டி போடுவதால், அந்த 12 சதவீதம் உண்மையில் சுமார் 21.5 சதவீதத்துக்குச் சமமாகிறது. அசலை முடிவில் மொத்தமாகத் திருப்பும் நகைக்கடனில், இடையில் அசல் குறைவதே இல்லை என்பதால், இந்த வேறுபாடு எழாது.