அடுத்த வெள்ளி எந்த வெள்ளி? புரூஃப் பார்க்க வருபவர்கள் விடும் பிழைகள்

திருகோணமலையில் ஒரு சின்ன அச்சகத்தில் பல வருடமாக எழுத்துப்பிழை பார்க்கிறேன். சங்க நோட்டீஸ், பாடசாலைக் கடிதம், கோயில் விஞ்ஞாபனம், கலியாணக் காட் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். போன மாதம் இரண்டு பிள்ளைகள் வேலை பழக வந்திருக்கிறார்கள். ‘ண’, ‘ந’, ‘ன’ மாறினால் உடனே பிடிக்கிறார்கள். ‘அடுத்த வெள்ளி’, ‘வார இறுதிக்குள்’ என்று வந்தால் மட்டும் கண் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. எழுத்தில் பிழை இல்லை, வசனம் சரி, பிறகென்ன? நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கேட்காமல் நாமே திகதி போடுவது

இது 2015 மார்ச்சில் நடந்தது. இன்றைக்கும் நினைத்தால் எனக்கு என்மேலேயே எரிச்சல் வரும்.

ஒரு மீனவர் சங்கத்தின் செயலாளர் கையால் எழுதிய நோட்டீஸ் ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். தவணை முறையில் வலை கொடுக்கிறார்கள், விரும்பியவர்கள் ‘அடுத்த வெள்ளிக்கு முன்’ விண்ணப்பிக்க வேண்டும். அவர் எழுதியது 10ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. எனக்கு அந்த வரி உறுத்தியது. அதுவரை சரி. வெறும் கிழமை பெயர் போதாது, திகதி போட்டால்தான் சனத்துக்கு விளங்கும் என்று நினைத்ததும் சரி. பிழைத்தது அதற்குப் பிறகு.

என் கணக்கு இதுதான்: மூன்று நாளில் வருகிற 13ஆம் திகதி ‘வாற வெள்ளி’. அதைச் சொல்ல நினைத்திருந்தால் மனுசன் அப்படியே எழுதியிருப்பார். ‘அடுத்த’ என்று எழுதியதால் அதற்கு அடுத்தது, 20. ‘மார்ச் 20 வெள்ளிக்கிழமைக்கு முன்’ என்று தட்டினேன். திருத்திய அடையாளம் எதுவும் வைக்கவில்லை. சின்ன நோட்டீஸ்தானே என்று செயலாளரிடம் காட்டவும் இல்லை. நூறு பிரதி அடித்து, கரையோரம் ஒட்டுகிற பையனிடம் நேரே கொடுத்துவிட்டோம்.

செயலாளர் நினைத்தது 13. இன்றிலிருந்து எண்ணிக்கொண்டு போனால் முதலில் வருகிற வெள்ளிதான் அவருக்கு ‘அடுத்த’ வெள்ளி. 14ஆம் திகதி சனிக்கிழமை நிர்வாகக் குழு கூடிப் பெயர் தெரிவு செய்தது. 16ஆம் திகதி திங்களன்று பட்டியல் மேலிடத்துக்குப் போய்விட்டது. 17ஆம் திகதி தொடக்கம் ஆட்கள் விண்ணப்பத்தோடு வரத் தொடங்கினார்கள், மொத்தம் 11 பேர். ஒருவர் மூதூரிலிருந்து, பிணைகாரரின் கையொப்பமும் வாங்கிக்கொண்டு, அன்றைய தொழிலையும் விட்டுவிட்டு வந்திருந்தார்.

செயலாளர் என்னைப் பேசவில்லை. தான் எழுதிய தாளையும் எங்கள் நோட்டீஸையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். “தம்பி, நான் எழுதினது விளங்கேல்லையெண்டா என்னட்டக் கேட்டிருக்கலாமே. வீடு பக்கத்திலதானே.” அவ்வளவுதான். பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

இதில் யார் கணக்குச் சரி என்று கேட்காதீர்கள். இரண்டு வழக்கும் இருக்கிறது. ‘அடுத்த வீடு’ என்றால் பக்கத்து வீடு, அதாவது முதலில் வருவது. ‘அடுத்த கிழமை’ என்றால் இந்தக் கிழமையைத் தாண்டி வருவது. ஒரே சொல் இரண்டு பக்கமும் இழுக்கிறது. ‘அடுத்த வெள்ளி’ நடுவில் நிற்கிறது. நான் விட்ட பிழை 20 என்று நினைத்தது அல்ல. நினைத்ததை அச்சில் ஏற்றியது. ‘அடுத்த வெள்ளி’ என்று அப்படியே விட்டிருந்தால்கூட வாசித்தவர்களில் பாதிப் பேருக்குச் சந்தேகம் வந்து, யாரிடமாவது கேட்டிருப்பார்கள். நான் ‘20’ என்று போட்டதும் சந்தேகப்படும் வாய்ப்பும் போய்விட்டது. தெளிவில்லாத வரியைவிடத் தெளிவான பொய் கூடக் கெடுதி செய்யும்.

ஆகவே இப்போது என் மேசையில் நடைமுறை இப்படி. அந்த வரியை நான் தொடுவதில்லை. ஓரத்தில் பென்சிலால் வட்டம் போடுவேன். எழுதியவர் தாளில் என்றைக்குத் திகதியிட்டிருக்கிறார் என்று பார்ப்பேன். கலண்டரை எடுத்து, வரக்கூடிய இரண்டு நாளையும் கிழமையோடு குறித்துக்கொள்வேன். பிறகு அவருக்கு எழுதுவேன். அன்றைக்குச் செயலாளருக்கு எழுதியிருக்க வேண்டியது இது:

“ஐயா, நோட்டீஸில் மூன்றாவது வரியில் ‘அடுத்த வெள்ளிக்கு முன்’ என்று இருக்கிறது. 13ஆம் திகதி வெள்ளியா, 20ஆம் திகதி வெள்ளியா? அந்த வெள்ளியன்று கொண்டுவந்தாலும் எடுப்பீர்களா, வியாழனோடு முடிவா? உங்கள் பதில் வந்த பிறகுதான் அச்சுக்கு விடுவோம்.”

இரண்டாவது கேள்வியைக் கவனியுங்கள். ‘வெள்ளிக்கு முன்’ என்றால் இலக்கணப்படி வியாழனோடு சரி. எழுதுகிறவர்களோ பெரும்பாலும் வெள்ளியையும் சேர்த்துத்தான் நினைக்கிறார்கள். ‘வெள்ளி வரை’, ‘வெள்ளிக்குள்’ எல்லாவற்றிலும் இதே வில்லங்கம் உண்டு. 2015இல் நான் முதல் கேள்வியைச் சரியாகக் கேட்டிருந்தால்கூட இதைத் தவறவிட்டிருப்பேன்.

அதே சொல்லை வைத்தே கேட்பது

பழக வந்த பிள்ளை ஒருத்தி சந்தேகத்தைப் பிடித்துவிட்டாள். எனக்குச் சந்தோசம். உடனே ஒரு அதிபருக்குப் போன் எடுத்தாள். “சேர், பெற்றோர் கூட்டம் அடுத்த வெள்ளிதானே?” “ஓம் ஓம்.” போனை வைத்துவிட்டு, “கேட்டிட்டன் அண்ணா, சரியாம்” என்றாள்.

எது சரியாம்?

‘தானே’ போட்டுக் கேட்டால் எங்கள் சனம் ‘ஓம்’ என்றுதான் சொல்லும். ஆளுக்கு வேலை இருக்கும், பக்கத்தில் யாரோ கூப்பிடுவார்கள். ‘13 தானே?’ என்று திகதியைச் சொல்லிக் கேட்டாலும் கதை அதுதான், நமது ஊகத்துக்கு அவர் தலையாட்டுவார். இரண்டையும் சொல்லித் தெரிவு செய்யவிட வேண்டும். அப்போதுதான் அவர் கலண்டரைப் பார்ப்பார். போனில் கேட்டால் முடிவில் நாமே திரும்ப ஒருக்கா சொல்ல வேண்டும்: “அப்ப இருபதாம் திகதி, வெள்ளி.” முடிந்தால் எழுத்தில் பதில் வாங்குங்கள், பிறகு ‘நான் அப்படிச் சொல்லேல்லை’ என்ற கதை வராது.

‘இது தெளிவில்லை’ என்று மட்டும் எழுதி அனுப்புவதும் வீண். அவருக்கு அது தெளிவாகத்தான் இருக்கிறது. எது எதோடு குழம்புகிறது என்று காட்டாவிட்டால் நாம் குற்றம் பிடிக்கிறோம் என்றுதான் நினைப்பார்.

‘வார இறுதி’ எல்லோருக்கும் ஒரே நாள் என்று நம்புவது

அரச அலுவலகத்தில் இருப்பவருக்கு வார இறுதி என்றால் வெள்ளி பின்னேரம் 4.15 மணி, கந்தோர் மூடும் நேரம். சனிக்கிழமையும் திறக்கிற கடைக்காரருக்குச் சனி. சுவரில் தொங்கும் கலண்டர் ஞாயிறில் தொடங்குவதால் அதன்படியும் சனிதான் கடைசி. ஐ.எஸ்.ஓ. 8601 என்ற சர்வதேசத் திகதி நியமத்தில் வாரம் திங்களில் தொடங்கி ஞாயிறில் முடிகிறது, பல கைபேசிக் கலண்டர்களையும் அப்படி மாற்றி வைக்கலாம். இதற்குமேல், தமிழில் ‘வார இறுதி’ என்பது சனியும் ஞாயிறும் சேர்ந்த விடுமுறைக்கும் பெயர். ‘வார இறுதியில் தருகிறோம்’, ‘வார இறுதிக்குள் தருகிறோம்’: இரண்டுக்கும் இடையில் இரண்டு நாள் ஓடிவிடுகிறது.

எங்கள் பேச்சில் வாரமும் கிழமை, நாளின் பெயரும் கிழமை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ‘அடுத்த கிழமை’ என்று ஒருவர் எழுதினால், நாளை விடியத் தொடங்குகிற கிழமையா, அதற்கும் அடுத்ததா? ஞாயிறு திகதியிட்ட கடிதம் வந்தால் நான் இதை இரண்டு தரம் பார்ப்பேன்.

கிழமையும் திகதியும் முட்டினால் ஒன்றை மாற்றுவது

‘வெள்ளி 14’ என்று இருந்து கலண்டரில் 14 சனி என்றால், எது பிழை என்று நமக்குத் தெரியாது. கேள்.

‘வெள்ளி இரவு’

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லத்தான் வேண்டும். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம்களின் அழைப்பிதழ்களில் ‘வியாழன் பின்னேரம் வெள்ளி இரவு’ என்று வரும். இஸ்லாமியக் கணக்கில் நாள் பொழுதுபட்டதும் மாறுகிறது, ஆகவே வியாழன் சூரியன் மறைந்தபின் வருவது வெள்ளி இரவு. அந்த இரண்டு சொல்லும் சேர்ந்துதான் ஒரு நேரத்தைக் காட்டுகின்றன. பழக வந்த மற்றப் பிள்ளை, இரண்டு கிழமை எதற்கு, எழுதினவர் குழம்பிவிட்டார் என்று நினைத்து ‘வியாழன் பின்னேரம்’ என்பதை வெட்டிவிட்டாள். அச்சேற முன் என் கண்ணில் பட்டது. பட்டிருக்காவிட்டால், அந்த வழக்குத் தெரியாத விருந்தாளிகள் ஒரு நாள் பிந்தி வெறும் பந்தலுக்கு வந்திருப்பார்கள்.

வெறும் ‘வெள்ளி இரவு’ என்று மட்டும் வந்தால், எழுதியவர் எந்தக் கணக்கில் எழுதினார் என்று கேட்டு, ஆங்கிலத் திகதியையும் மணியையும் வாங்குங்கள். இந்துக் கோயில் விஞ்ஞாபனத்தில் ‘வியாழன் இரவு 2 மணி’ வந்தாலும் இதே கேள்விதான். விடிந்தால்தான் அடுத்த நாள் என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தேடிப் பார்த்துவிட்டோம், ஒன்றும் இல்லை என்பது

நீளமான அறிக்கையில் கண்ணை மட்டும் நம்ப முடியாது, கணினியில் தேடத்தான் வேண்டும். ஆனால் ‘வாரம்’ என்று தேடினால் ‘வாரத்துக்குள்’ அகப்படாது, ‘வார’ என்று தேடுங்கள். ‘வெள்ளிக்கிழமை’ என்று தேடினால் ‘வெள்ளியன்று’ தப்பிவிடும், ‘வெள்ளி’ போதும். இப்படியே அடுத்த, வரும், வருகிற, நாளை, இறுதி, வரை, முன் ஆகியவற்றையும் தேடுவேன். இன்னொன்று: கோப்பு பாமினி எழுத்துருவில் இருந்தால், யூனிகோடில் தட்டித் தேடுவதற்கு எதுவுமே அகப்படாது. பூச்சியம் என்று காட்டும், நாமும் சுத்தம் என்று நம்பிவிடுவோம். முதலில் திரையில் கண்ணுக்குத் தெரிகிற ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். அதுவே அகப்படாவிட்டால் எழுத்துருவில்தான் கோளாறு.

எல்லாவற்றுக்கும் வட்டம் போடுவது

அந்த நாளில் யாராவது ஓரிடத்துக்குப் போக வேண்டும், பணம் கட்ட வேண்டும், எதையாவது ஒப்படைக்க வேண்டும் என்றால் கேளுங்கள். சிறுகதையில் மாமா அடுத்த வெள்ளி வருவதாகச் சொன்னால் வரட்டும்.

கூட்டக் குறிப்பில் ஒருவர் சொன்னதை மாற்றுவது

‘அடுத்த வெள்ளி தருகிறேன்’ என்று தலைவர் சொன்னதாக இருந்தால் அவர் வாய்ச்சொல்லில் கை வைக்காதீர்கள். குறிப்பின் தலையில் கூட்டம் நடந்த திகதி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

03/04

மார்ச்சா, ஏப்ரலா? மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள்.