தொண்டையில் இறங்கும் சளிக்கு ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே: அடிக்கும் முறை

ஸ்ப்ரே அடித்ததும் தொண்டையில் கசப்போ பூ வாசனையோ தெரிந்தால், மருந்தில் ஒரு பங்கு வயிற்றுக்குப் போகிறது என்று அர்த்தம். அலர்ஜி சளி தொண்டையில் இறங்கினாலும் ஊறுவது மூக்கில்தான். அதனால் மருந்து மூக்கின் பக்கச் சுவரில் படிந்து அங்கேயே நிற்க வேண்டும்.

டாக்டர்கள் அதிகம் எழுதுவது புளூட்டிகசோன் அல்லது மொமெட்டசோன். பெரியவர்களுக்கு வழக்கமாக ஒவ்வொரு துவாரத்திலும் 2 முறை, நாளுக்கு ஒரு வேளை. குழந்தைகளுக்கு அளவு வேறு, டாக்டர் சொன்னபடி கொடுங்கள்.

1. மூக்கை மெதுவாகச் சிந்துங்கள். சளி கெட்டியாக இருந்தால் முதலில் சலைன் விட்டுக் கழுவி, பத்து நிமிடம் கழித்து மருந்தை எடுங்கள்.

2. பாட்டிலைக் குலுக்குங்கள். புது பாட்டில் என்றால், மெல்லிய புகை போலச் சீராக வரும் வரை காற்றில் அடித்துப் பாருங்கள். ஒரு வாரம் தொடாமல் வைத்திருந்தாலும் இப்படித்தான்.

3. தலையை லேசாக முன்பக்கம் குனியுங்கள். வலது துவாரத்துக்கு இடது கை, இடதுக்கு வலது கை. இப்படிக் கை மாற்றிப் பிடித்தால் முனை தானாகவே வெளிப்பக்கம் திரும்பும். அந்தப் பக்கத்துக் கண்ணின் வெளி ஓரத்தைக் குறிவையுங்கள்.

4. அழுத்தும்போது பூவை முகர்வது போல மெல்ல மூச்சிழுங்கள். வாய் வழியே மூச்சை விடுங்கள். அப்புறம் கால் மணி நேரம் மூக்கைச் சிந்த வேண்டாம்.

பலர் தலையை அண்ணாந்து 'சர்ர்' என்று உறிஞ்சுவார்கள். அந்தக் கசப்பு அதனால்தான். இன்னொரு தவறு, முனையை நடுச்சுவர் பக்கம் திருப்புவது. அங்கே தோல் மெல்லியது. வறண்டு, பொருக்குத் தட்டி, ரத்தம் கசியும். கைக்குட்டையில் சிவப்புக் கோடு தெரிந்தால் முதலில் கோணத்தைப் பாருங்கள். கசிவு நிற்காவிட்டால் ஸ்ப்ரேயை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

எத்தனை நாளில் கேட்கும்? திங்கள்கிழமை தொடங்கினால், அந்த வார இறுதிக்குள் தும்மலும் அடைப்பும் குறையலாம். ஆனால் காலையில் எழுந்ததும் கனைக்கும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் வரை ஆகும். தொண்டைச் சளிக்கு நான்கு வாரம் கொடுத்துப் பார்ப்பது நியாயம். மூன்றாம் நாளே 'ஒன்றும் கேட்கவில்லை' என்று நிறுத்துவதும், சளி வந்த அன்று மட்டும் அடிப்பதும்தான் இந்த மருந்தை வீணாக்கும் இரண்டு வழிகள்.

அடித்த சில நிமிடத்தில் மூக்கைத் திறக்கும் சைலோமெட்டசோலின் வகைச் சொட்டு மருந்து வேறு. அதைச் சில நாளுக்கு மேல் விட்டால் அடைப்பு திரும்ப வந்து, முன்னைவிட மோசமாகும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து மெடிக்கலில் மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

கண் அழுத்த நோய் இருந்தாலோ, சமீபத்தில் மூக்கில் அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். நான்கு வாரம் ஒழுங்காக அடித்தும் தொண்டை அப்படியே இருந்தால் ஈ.என்.டி. டாக்டரைப் பாருங்கள். வயிற்று அமிலம் மேலே ஏறினாலும் இதே கனைப்பு வரும், அதற்கு மூக்கு ஸ்ப்ரே உதவாது.