கரப்பான் மருந்துக்கு நாள் குறிப்பதும் நோட்டீஸ் எழுதுவதும்

ஒரு வீட்டில் கரப்பான் பூச்சி என்று புகார் வந்ததும் அந்த வீட்டுக்கு மட்டும் மருந்து வைக்காதீர்கள். சமையலறைக் குழாய்கள் சுவரைத் துளைத்துப் போகிற இடைவெளி வழியாக அவை பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

மாடிக்கு இரண்டு வீடு உள்ள கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். புகார் இரண்டாம் மாடி இடது வீட்டிலிருந்து. முதலில் அந்த வீடு, பக்கத்து வீடு, நேர் மேலே, நேர் கீழே என நான்கு வீட்டிலும் சிங்குக்கு அடியிலும் ஃபிரிட்ஜ் பின்னாலும் பசை அட்டை வையுங்கள். மூன்று இரவு கழித்துப் பாருங்கள். சிறகு முளைக்காத பொடிக் குஞ்சுகள் ஒட்டியிருந்தால், பூச்சி அருகிலேயே பெருகுகிறது.

அப்புறம் நாள் குறிக்கலாம். நோட்டீஸ் 1ஆம் தேதி, முதல் மருந்து 8ஆம் தேதி, இரண்டாவது 22ஆம் தேதி. நான்கு வீட்டுக்கும் ஒரே நாள். இந்த இரண்டாவது முறையைத்தான் செலவு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்குள் பெருகும் சிறிய பழுப்புக் கரப்பான், முப்பது நாற்பது முட்டைகள் கொண்ட கூட்டைப் பொரியும் வரை சுமந்துகொண்டே திரியும். கூட்டுக்குள் மருந்து போகாது. பிறகு பொரிந்து வரும் குஞ்சுகளுக்குத்தான் அந்த இரண்டாவது சுற்று.

நோட்டீஸை இப்படி எழுதலாம்:

"8ஆம் தேதி காலை 10 முதல் 1 மணிக்குள் உங்கள் சமையலறையில் கரப்பான் ஜெல் வைக்கப்படும். 22ஆம் தேதி மீண்டும் வருவார்கள். சிங்க் அடி அலமாரியை முந்தைய இரவே காலி செய்யுங்கள். அடுப்பைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். குப்பையை வெளியேற்றுங்கள். வீட்டில் கைக்குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமா உள்ளவர், வளர்ப்புப் பிராணி இருந்தால் முன்பே சொல்லுங்கள். அன்று வீட்டில் இருக்க முடியாதவர்கள் வேறு நேரம் கேளுங்கள்."

மருந்தின் பெயரையும் தொடர்பு எண்ணையும் கீழே சேருங்கள். எத்தனை நாள் முன்பு தெரிவிக்க வேண்டும் என்று வாடகை ஒப்பந்தத்தில் இருந்தால் அதன்படியே நடக்க வேண்டும்.

பிசுக்கைத் துடைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேறு தீனி கிடைத்தால் கரப்பான் ஜெல்லைத் தேடி வராது. ஜெல் வைத்த பிறகு நிலைமை வேறு. கீல் ஓரத்திலும் அலமாரி மூலையிலும் சிறு பொட்டு அளவில் இருக்கும் அந்தப் புள்ளிகளை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடுவார்கள். பக்கத்திலேயே ஸ்ப்ரே அடிப்பவர்களும் உண்டு. அந்த வாடைக்குக் கரப்பான் ஜெல்லை நெருங்காது. "புள்ளிகளைத் துடைக்காதீர்கள், ஸ்ப்ரே அடிக்காதீர்கள்" என்பதைத் தனி வரியாகப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

ஜெல்லுக்காக யாரும் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதில்லை. தெளிப்பு மருந்தும் அடிப்பதாக இருந்தால், எப்போது திரும்பலாம் என்று அடிப்பவரிடம் கேட்டு நோட்டீஸில் எழுதுங்கள். மீன் தொட்டி இருந்தால் மூடி, காற்று பம்பை நிறுத்தச் சொல்லுங்கள். இத்தகைய மருந்துகளில் பல மீனுக்குக் கடும் விஷம்.

இரண்டாவது முறை முடிந்து இரண்டு வாரம் கழித்து அதே இடங்களில் மறுபடி அட்டை வையுங்கள். எந்த வீட்டு அட்டையில் இன்னும் குஞ்சு ஒட்டுகிறதோ, அந்த வீட்டுக்கு மூன்றாவது நாள் குறியுங்கள்.