கன்பான் கார்டு எத்தனை? கணக்கு சறுக்கும் இடங்கள்

மோட்டாரின் எண்ட் கவரில் பேரிங்கை அழுத்திப் பொருத்தும் சிறிய பிரிவு ஒன்று. அங்கிருந்து மோட்டார் பூட்டும் இரண்டு மேசைகளுக்குக் கவர் போகிறது. முதல் மேசைக்கு மணிக்கு 32, இரண்டாவதற்கு 20. ஒரு ட்ரேயில் 10 கவர், ட்ரேக்கு ஒரு கன்பான் கார்டு. மேசையில் கழற்றிய கார்டு பிரிவுக்குத் திரும்பினால், இன்னொரு ட்ரே தயார் செய்யுங்கள் என்று பொருள். சூத்திரம் எளியது:

```
N = D × L × (1 + a) / C
```

N ஒரு மேசைக்கு வேண்டிய கார்டுகளின் எண்ணிக்கை, D மணிக்கான தேவை, L ஒரு கார்டு சுற்றி வரும் நேரம் (மணியில்), a பாதுகாப்புக்கான கூடுதல், C ட்ரேயின் கொள்ளளவு. a-வை நாங்கள் 10 விழுக்காடு என்று வைத்தோம்.

பெரும்பாலோர் சறுக்குவது L-இல்தான். நாங்களும் முதலில் 10 நிமிடம் என்று போட்டோம். ஒரு ட்ரேயைப் பொருத்தி முடிக்க அவ்வளவுதான் ஆகும். விடை, மேசைக்கு ஒரு கார்டு! முதல் மேசை 19 நிமிடத்தில் ட்ரேயைத் தீர்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. பிறகு ஒரு கார்டின் பின்னாலேயே கடிகாரத்தோடு நடந்து பார்த்தோம். கழற்றிய கார்டைப் போடும் சேகரிப்புப் பெட்டியில் 30 நிமிடம், பிரிவின் வரிசையில் 35, பொருத்த 10, திரும்பி வந்து சேர 15. மொத்தம் 90 நிமிடம், அதாவது 1.5 மணி. இப்போது முதல் மேசைக்கு 5.28, எனவே 6 கார்டு, இரண்டாவதற்கு 3.3, எனவே 4. மொத்தம் 10.

இரண்டு மேசைக்கும் ஒரே கவர்தானே என்று தேவையைக் கூட்டி 52-க்குக் கணக்கிட்டால் 8.58 வரும், 9 போதும் என்று தோன்றும். குறைகிற அந்த ஒரு கார்டு யாருடையது? இரண்டாவது மேசையுடையது என்றால் அதற்கு மிஞ்சுவது 3. பாதுகாப்பைச் சேர்க்காமலே அதன் தேவை சரியாக 3. ட்ரே கொண்டுவரும் வண்டி ஐந்து நிமிடம் தாமதித்தாலே வேலை நின்றுவிடும். மேசைவாரியாகக் கணக்கிட்டு, மேசைவாரியாக மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும். கார்டில் மேசையின் பெயரும் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேகமான மேசை எல்லா ட்ரேயையும் இழுத்துக்கொள்ளும்.

கார்டை எப்போது கழற்றுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். மேற்கண்ட கணக்கு, ட்ரேயிலிருந்து முதல் கவரை எடுக்கும்போதே கார்டு பெட்டிக்குப் போய்விடும் என்று எண்ணிப் போட்டது. ட்ரே காலியான பிறகு கழற்றுவதே பழக்கமென்றால் மேசைக்கு ஒரு கார்டு கூடுதலாக வேண்டும்.

தட்டுப்பாடு வந்தவுடன் கார்டைக் கூட்டுவது கடைசித் தவறு. தொலைந்த கார்டு, சுற்றுக்கு வராத வண்டி, பழுதான பிரஸ் என்று காரணம் பெரும்பாலும் வேறெங்கோ இருக்கும். எங்கள் 90 நிமிடத்தில் 65 வெறும் காத்திருப்பு. பெட்டியை அரை மணிக்கு ஒருமுறை எடுத்ததை 15 நிமிடத்துக்கு ஒருமுறை என்று மாற்றினோம். L 1.25 மணியாகக் குறைந்தது. 10 கார்டில் இரண்டைத் திரும்ப எடுத்துக்கொண்டோம், முதல் மேசைக்கு 5, இரண்டாவதற்கு 3.